ஸ்லைட் வாக்கியத்தைக் குறைத்தால் அர்த்தமும் மாறுகிறதே: சில கேள்விகள், பதில்கள்

ஆய்வு மாநாட்டுக்கு ஸ்லைட் தயாரிக்கிற ஆட்களிடமிருந்து வந்த கேள்விகளில் நாலை இங்கே எடுத்திருக்கிறேன். முதலாவதுக்குப் பதில் நீளம், ஏனென்றால் பெரும்பாலான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

"சேர், ஸ்லைடில் பந்தி பந்தியாக எழுதாதே என்றார்கள், குறைத்தேன். இப்போது என் மேற்பார்வையாளர் 'நீ கண்டுபிடிக்காததை எல்லாம் எழுதியிருக்கிறாய்' என்கிறார். எங்கே பிழை?" (முதுகலை மாணவி, அக்கரைப்பற்று)

உங்கள் மேற்பார்வையாளர் சொல்வது சரி தங்கச்சி. நீங்கள் அனுப்பிய ஸ்லைடையே எடுத்துப் பார்ப்போம், எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். முதலில் இப்படி இருந்தது:

"வாவிக்கு அண்மையிலுள்ள வயல்களில் சிறுபோக நெல் விளைச்சல் ஹெக்டேயருக்கு 3.2 தொன்னாகவும் தூரத்து வயல்களில் 4.1 தொன்னாகவும் காணப்பட்டதுடன், இவ்வேறுபாட்டுக்கு மண்ணின் உவர்த்தன்மை காரணமாக இருக்கலாம் என ஆய்வு முடிவுகள் எடுத்துக்காட்டுகின்றன."

இதை நீங்கள் "உவரால் விளைச்சல் குறைவு" என்று ஆக்கிவிட்டீர்கள். மூன்று சொல்தான், ஆனால் "இருக்கலாம்" போய்விட்டது, எதோடு ஒப்பிட்டுக் குறைவு என்பது போய்விட்டது, எந்தப் போகம் என்பதும் போய்விட்டது. ஓர் ஊகம் நிரூபித்த உண்மையாகத் திரையில் நிற்கிறது. கேள்வி நேரத்தில் மண்ணியல்காரர் ஒருவர் எழும்பி "உரம், நீர், நெல்லினம் எல்லாம் ஒன்றாகவா இருந்தன?" என்று கேட்டால் நீங்கள் நிரூபிக்காத வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

தமிழில் இந்த ஆபத்து கூடுதல். நம் வாக்கியத்தில் இல்லை, லாம், வேண்டும், கூடும் எல்லாம் கடைசியில் வினையோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன, குறைக்கிற கையோ முதலில் அந்த வாலைத்தான் வெட்டும். "வேறுபாடு காணப்படவில்லை" என்பதைக் குறைக்கப் போய் "வேறுபாடு" என்று மட்டும் நிறுத்திய ஸ்லைடைக்கூடப் பார்த்திருக்கிறேன். வேற்றுமை உருபும் அப்படித்தான். "உவரால்" என்றால் காரணம், "உவரோடு" என்றால் இரண்டும் சேர்ந்து வந்தன என்பது மட்டும். ஓர் உருபு மாறினால் உங்கள் ஆய்வின் முடிவே மாறுகிறது.

ஆகவே வெட்டுவதற்கு முன் வாக்கியத்தில் எதை அளந்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வாக்கியம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது, ஆனால் விளைச்சல் அளந்தது, காரணம் ஊகம். பிறகு "காணப்பட்டதுடன்", "என ஆய்வு முடிவுகள் எடுத்துக்காட்டுகின்றன" போன்றவற்றைத் தயங்காமல் தூக்குங்கள், 'முடிவுகள்' பகுதியில் நின்றுகொண்டு முடிவுகள் காட்டுகின்றன என்று எழுதத் தேவையில்லை. மிச்சம் இப்படி வரும்:

சிறுபோக விளைச்சல் (தொன்/ஹெக்டேயர்)
வாவியோரம் 3.2 | தூரம் 4.1
உவர்: காரணமாகலாம்

ஒப்பீடு, அலகு, போகம், ஐயம் நாலும் இருக்கின்றன. "காரணமாகலாம்" என்பதில் வினை இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், அர்த்தத்தைத் தாங்குகிற வினையை வைத்திருக்கலாம்.

சரியாக வெட்டினோமா என்று பார்க்க, வேறு பீடத்து நண்பர் ஒருவரிடம் ஸ்லைடை மட்டும் காட்டி, "இது என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். உங்கள் ஆய்வு சொல்வதைவிடக் கூடுதலாக அவர் சொன்னால் நிபந்தனை ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. "ஏதோ உவரைப் பற்றி" என்று மட்டும் சொன்னால் நீங்கள் வெறும் தலைப்புச் சொல்லை மிச்சம் வைத்திருக்கிறீர்கள், எண்ணையோ திசையையோ திரும்பச் சேர்க்க வேண்டும்.

"ஒலுவில் மாநாட்டில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். வாக்கியம் திரையில் இருந்தால்தான் எனக்குத் தைரியம். அதை எடுத்துவிட்டால் நான் என்ன செய்வது?" (உதவி விரிவுரையாளர், கல்முனை)

வாக்கியத்தை எறிய வேண்டாம் தம்பி, இடத்தை மாற்றுங்கள். முழு வாக்கியங்களையும் ஸ்லைடுக்குக் கீழேயுள்ள குறிப்புப் பகுதியில் ஒட்டிவிடுங்கள். பவர்பொயின்டில் Presenter View என்ற வசதியைப் போட்டால் குறிப்பு உங்கள் மடிக்கணினியில் மட்டும் தெரியும், சபைக்கு ஸ்லைட் மட்டும். இது வேலை செய்யாமல் போகிற பெரும்பாலான நேரங்களில் காரணம் ஒன்றுதான்: புரொஜெக்டர் Duplicate நிலையில் இருப்பது. விண்டோஸில் Windows + P அழுத்தி Extend என்று மாற்றுங்கள். மண்டபத்துக் கணினியில்தான் போட வேண்டும் என்றால் இந்த வசதி கிடைக்காமலும் போகலாம், அதனால் குறிப்பை அச்சடித்தும் கையில் வைத்திருங்கள்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், நாம் பேசுவதைவிட வேகமாக மனிதர் மனதுக்குள் வாசித்துவிடுவார்கள். நீங்கள் வாக்கியத்தின் நடுவில் நிற்கும்போது சபை முடித்துவிட்டு, அதே சொற்களை இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருக்கும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைத்தான் மிகைமைக் கோட்பாடு என்று ஆராய்ந்தார். 2008இல் அவரும் ஜான்சனும் வெளியிட்ட ஆய்வில், படத்தின் உரிய பகுதிக்கு அருகே இரண்டு மூன்று சொல் மட்டும் வைத்தபோது பார்த்தவர்களுக்கு விஷயம் கூடுதலாக நினைவில் நின்றது. புதிய சிக்கலில் பயன்படுத்தும் திறன் அதனால் கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உங்களுக்கு முக்கியம். கேட்பவர்களுக்கு அந்த மொழி தாய்மொழி இல்லை என்றால் திரையில் எழுத்து இருப்பது உதவும். உங்கள் சபையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருந்து எல்லோரும் ஆங்கிலத்தில் கேட்கப் போகிறார்கள் என்றால், கலைச்சொல்லையும் எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள், உச்சரிப்பில் தவறவிட்டதைக் கண்ணால் பிடித்துக்கொள்வார்கள். அப்போதும் முழு வாக்கியம் வேண்டாம்.

"மீனவர் பேட்டிகளை வைத்து ஆய்வு செய்தேன். அவர்கள் சொன்னதையும் சுருக்க வேண்டுமா?" (சமூகவியல் மாணவர், மட்டக்களப்பு)

வேண்டாம். அவர்கள் பேசிய சொல்தான் உங்கள் தரவு, அதைச் சுருக்கினால் அது உங்கள் சொல் ஆகிவிடும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு கூற்று, அதிலும் தேவையான பகுதியை மட்டும் எடுத்து, விட்ட இடத்தில் மூன்று புள்ளி வைத்து, மேற்கோள் குறிக்குள் போடுங்கள். போட்டபின் சபை வாசித்து முடிக்கும்வரை பேசாமல் நில்லுங்கள், அதன் பிறகு விளக்கம். சட்டப் பிரிவு, வினாக்கொத்தின் கேள்வி, வரைவிலக்கணம் இவற்றுக்கும் இதேதான்.

ஸ்லைடின் தலைப்பையும் முழு வாக்கியமாக விடலாம், என் விருப்பம் அதுதான். மைக்கல் ஆலி என்பவர் பரிந்துரைக்கிற முறையில் மேலே இரண்டு வரிக்குள் ஒரு முழுக் கூற்று, கீழே அதற்குச் சான்றாகப் படமோ வரைபோ இருக்கும். "முடிவுகள்" என்ற தலைப்பைவிட "வாவியோர வயல்களில் விளைச்சல் குறைவாக இருந்தது" என்பது பின்வரிசைக்காரருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடும்.

"ஏற்பாட்டாளர்கள் ஸ்லைடை PDF ஆகப் பகிர்வார்கள். சொற்றொடர் மட்டும் இருந்தால் வராதவர்களுக்கு என்ன விளங்கும்?" (ஆசிரியை, பொத்துவில்)

ஒன்றும் விளங்காது மிஸ், அதனால் இரண்டு கோப்பு கொடுங்கள். திரைக்கு குறுகிய ஸ்லைட். பகிர்வதற்கு, அச்சிடும் பக்கத்தில் Notes Pages என்பதைத் தெரிந்து PDF ஆக்கினால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே உங்கள் குறிப்பு முழு வாக்கியத்தில் வரும். அனுப்புமுன் அந்தக் குறிப்புகளை ஒருதரம் வாசியுங்கள், "இங்கே தண்ணி குடி", "சேரைப் பார்க்காதே" என்று உங்களுக்காக எழுதியவையும் சேர்ந்து போய்விடும்.