12-ஆம் வார வருகை: ஆய்வு ஒருங்கிணைப்பாளர் பதில் சொல்கிறார்

சர்க்கரை நோய் மருந்து ஆய்வில் சேர்ந்திருப்பவர்களின் கேள்விகள்.

உறுதிசெய்யும் குறுஞ்செய்தியில் காலை 7.30 என்று இருக்கிறது. 9 மணிக்கு வந்தால் என்ன?

முந்தைய நாள் காலை 8 மணிக்கு மாத்திரை போட்டிருப்பீர்கள். 24 மணி நேரம் கழிந்து, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு, இரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறோம். அதனால் அன்றைய ஆய்வு மாத்திரையை வீட்டில் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள். இரத்தம் எடுத்த பிறகு இங்கேயே போடலாம். பழக்கத்தில் போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது, இல்லையா?

உணவு கூடாது என்பது சரி அம்மா. தண்ணீரைத் தடுப்பது அறுவைச் சிகிச்சைக்கு முன்பு. இங்கே தாராளமாகக் குடியுங்கள். உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு கிடைப்பதே சிரமம். பால், காபி மட்டும் வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் முந்தைய நாளே எங்களைக் கேட்க வேண்டும். வழியில் வியர்த்து நடுங்கினால் ஆய்வைப் பற்றி யோசிக்காமல் உடனே சர்க்கரை சாப்பிடுங்கள்.

காலி அட்டைகளை எறிந்துவிட்டேன். மீதி மாத்திரையை மட்டும் கொண்டுவரலாமா?

வாருங்கள், ஆனால் இனி எறியாதீர்கள். 100 மாத்திரை கொடுத்தோம். 84 நாளுக்குப் பிறகு 16 மிஞ்ச வேண்டும். 22 மிஞ்சினால் 6 வேளை விட்டுப்போயிருக்கிறது. காலி அட்டை இருந்தால்தான் தொலைந்ததா, போடவில்லையா என்று தெரியும். திட்டுவார்களோ என்று மாத்திரையைக் குப்பையில் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டுபவர்கள் உண்டு. அப்போது வேலை செய்யும் மருந்தையும் வேலை செய்யாதது என்று நாங்கள் எழுதிவிடுவோம். குறிப்பேடு, வேறு மருத்துவர் கொடுத்த சீட்டுகள் இவற்றையும் எடுத்து வாருங்கள்.

மே 26 அன்று தங்கை மகள் திருமணம். ஒரு வாரம் தள்ளி வரட்டுமா?

ஒரு வாரம் முடியாது. நீங்கள் மருந்து தொடங்கியது மார்ச் 3. அதிலிருந்து 84-ஆம் நாள்தான் மே 26. இந்த ஆய்வில் முன்னும் பின்னும் 3 நாள் இடம் உண்டு. மே 23 முதல் 29 வரை எந்த நாளும் சரி. 29-இல் வந்தாலும் 16-ஆம் வார வருகை ஜூன் 23-தான், ஏனெனில் எண்ணுவது எப்போதும் மார்ச் 3-இலிருந்து. ஒப்புதல் படிவத்தில் இருக்கும் எண்ணில் இரண்டு நாள் முன்பே அழையுங்கள். குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினால் அது எங்களுக்கு வராது.

எனக்குப் பதிலாக என் மகனை அனுப்பட்டுமா?

துணைக்கு வரட்டும் ஐயா. இரத்தம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

பஸ் கட்டணம் தருகிறீர்கள். ஒரு நாள் கூலி போகிறதே?

நெறிமுறைக் குழு இந்த ஆய்வுக்குப் பயணச் செலவை மட்டுமே ஒப்புக்கொண்டிருக்கிறது. உங்கள் கேள்வி நியாயமானது; குழுவின் முன் எழுத்தில் வைக்கிறேன். முடிவு என் கையில் இல்லை. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.