டூட்டி மாற்ற நோட்டீஸ்: இரண்டு மணி ஊசியும் கடைசி பஸ்ஸும்

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் நர்ஸுகளுக்கு டூட்டி நேரமும் நைட் முறையும் மாறப் போகிறது. நோட்டீஸ் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. என்னவெல்லாம் எழுத வேண்டும்?

நான் பல வருடம் வார்டு இன்சார்ஜாக இருந்தவள். இப்படிப்பட்ட நோட்டீஸை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். முதல் தடவை "நிர்வாகக் காரணங்களுக்காக" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று வார்டு முழுக்கப் பேச்சு. இரண்டாவது தடவை எழுதியதைச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் உதவும்.

எங்களுடைய பழைய நேரம் பல தனியார் மருத்துவமனைகளில் இருப்பதுதான்: மார்னிங் 7 முதல் 2, ஈவினிங் 2 முதல் 8, நைட் 8 முதல் காலை 7. நைட் என்றால் தொடர்ந்து ஏழு நாள். இதில் ஒருவர் போகும் நேரமும் இன்னொருவர் வரும் நேரமும் ஒன்றாகவே இருக்கிறது. ஹேண்டோவருக்கு என்று ஒரு நிமிடம்கூட கணக்கில் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் ஆன்டிபயாடிக் ஊசியைப் பெரும்பாலும் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைப்போம். அந்த 2 மணி ஊசி சரியாக டூட்டி மாறும் நேரத்தில் விழுகிறது. மார்னிங் சிஸ்டர் "வருகிறவர் போடுவார்" என்று நினைப்பார், ஈவினிங் சிஸ்டர் "போட்டிருப்பார்" என்று நினைப்பார். மருந்து சார்ட்டைப் புரட்டினால் 2 மணிக் கட்டத்தில்தான் கையெழுத்து விடுபட்டிருக்கும். உங்கள் வார்டிலும் பழைய சார்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். மாற்றத்துக்கான காரணம் அங்கே கண்ணுக்குத் தெரிந்தால், அதையே நோட்டீஸில் எழுதுங்கள். அதைப் படிக்கும் நர்ஸுக்கு அது தன் அனுபவம் என்று தெரியும்.

நாங்கள் ஒட்டிய நோட்டீஸ் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"ஜூன் 29 திங்கள் காலை 7 மணி முதல் பொது வார்டு நர்ஸுகளின் டூட்டி நேரம் மாறுகிறது. மார்னிங் 7.00 – 2.30. ஈவினிங் 2.00 – 8.30. நைட் 8.00 – காலை 7.30. டூட்டி மாறும்போது அரை மணி நேரம் இரண்டு பேரும் வார்டில் இருந்து, நோயாளியின் படுக்கை அருகிலேயே ஹேண்டோவர் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாற்றம். 2 மணி மருந்துகளை மார்னிங் டூட்டியில் இருப்பவரே கொடுத்துக் கையெழுத்திட வேண்டும்.

நைட் இனி தொடர்ந்து நான்கு நாள் மட்டும். நான்காவது நைட் முடிந்து இறங்கும் நாள் ஆஃப் கணக்கில் வராது. அதற்கு அடுத்த இரண்டு நாள் ஆஃப். சம்பளம், நைட் அலவன்ஸ், லீவு எதிலும் குறைப்பு இல்லை. ஆள் குறைப்பும் இல்லை.

இதில் சிரமம் உள்ளவர்கள் ஜூன் 10க்குள் இன்சார்ஜ் சிஸ்டரிடமோ நர்சிங் சூப்பிரண்டிடமோ நேரிலோ எழுதியோ சொல்லலாம். உடல்நிலை, கர்ப்பம், கைக்குழந்தை போன்ற காரணங்களைச் சூப்பிரண்டிடம் தனியாகச் சொன்னால் போதும், எழுத வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஜூன் 15க்குள் பதில் சொல்லப்படும். அரை மணி நேர ஹேண்டோவரை மாற்ற முடியாது. யார் எந்த வாரம் எந்த டூட்டி, யார் எப்போது கிளம்புவது என்பதைப் பேசி மாற்றலாம்."

இதை ஜூன் 1 அன்று ஒட்டினோம். ஷிப்ட் நேரத்தை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்தது. 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். நிறுவனத்தின் வேலை விதிகளான நிலையாணைப்படி செய்யும் ஷிப்ட் மாற்றத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் இடத்துக்கு எது பொருந்தும், எந்தப் படிவத்தில் கொடுக்க வேண்டும் என்பதை ஹெச்.ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சட்டத்தை விட்டாலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய ஒரு தாய்க்கு மூன்று வாரம் வேண்டும்.

"இறங்கும் நாள் ஆஃப் இல்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நைட் முடிந்து தூங்கிக் கழிக்கும் நாளை ஆஃப் என்று சார்ட்டில் போட்டுவிடுவதுதான் நர்ஸுகளின் நெடுநாள் மனக்குறை. அப்புறம் மணிக்கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். பழைய முறையில் ஏழு நைட் 77 மணி நேரம். புது முறையில் நான்கு நைட் 46, ஆறு மார்னிங் 45, ஆறு ஈவினிங் 39. எந்த வாரமும் 48ஐத் தாண்டவில்லை. மார்னிங்குக்கு அரை மணி கூடுகிறதே என்று கேட்பார்கள். அதுவரை அந்த அரை மணி நேரமும் அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள், கணக்கில் வராமல். இப்போது அது டூட்டியாக எழுதப்படுகிறது. அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

தேதியைப் போட்டால் மட்டும் போதாது. மாறும் அந்த ஒரு நாள் எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜூன் 25 அன்று நைட் ஆரம்பித்தவர் பழைய முறைப்படி ஜூலை 1 வரை போக வேண்டியவர். அவருக்கு 28ஆம் தேதியோடு நான்கு நைட் முடிகிறது. 29 காலை 7.30க்கு இறங்குவார், 30ம் ஜூலை 1ம் ஆஃப், 2ஆம் தேதி மார்னிங். 29 முதல் வேறு ஒருவர் நைட். இந்த ஓர் உதாரணத்தைப் பேரில்லாமல் நோட்டீஸின் கீழே எழுதினோம். பிறகு யாரும் என்னிடம் வந்து தன் நாட்களை எண்ணிக் காட்டச் சொல்லவில்லை.

நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் ஆஃபில் இருப்பவர்கள் பார்க்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நைட் முடித்துத் தூங்குபவரின் கண்ணில் படாமல் மேலே போய்விடும். இரண்டும் செய்தோம், கூடவே ஒரு நோட்டில் கையெழுத்தும் வாங்கினோம். அந்த நோட்டின் தலைப்பு "படித்தேன்". "சம்மதம்" என்று போட்டுவிடாதீர்கள். சம்மதம் என்று எழுதியிருந்தால் சிரமம் உள்ளவர் கையெழுத்துப் போடத் தயங்குவார், போட்டவர் பிறகு வாய் திறக்க மாட்டார்.

இரண்டு பேரிடம் சொல்லலாம் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. டூட்டி சார்ட் போடுவது இன்சார்ஜ். அவர் மேலேயே குறை இருந்தால் அவரிடம் எப்படிச் சொல்வார்கள்? அப்போது இன்சார்ஜ் நான்தான். என்னைத் தாண்டிச் சூப்பிரண்டிடம் இரண்டு பேர் போனார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒரு சிஸ்டருக்கு ஊருக்குக் கடைசி பஸ் 8.25. ஈவினிங் 8.30க்கு முடிந்தால் பஸ் போய்விடும். பழைய நேரத்தில் 8 மணிக்கே கிளம்பிவிடுவார் என்பதால் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஈவினிங்கில் இரண்டு பேர் இருப்பார்கள். அவருடைய நோயாளிகளை முதலில் ஒப்படைத்துவிட்டு 8.10க்கு அவர் கிளம்பலாம், மற்றவர் 8.30 வரை இருக்கலாம் என்று முடிவு செய்தோம். கூட இருப்பவர் சம்மதித்த பிறகே சார்ட்டில் ஏற்றினோம். பதிலை ஜூன் 12 அன்றே அவருக்குச் சொல்லிவிட்டோம். யாருடைய சிரமம் என்று பேர் போடாமல், "ஈவினிங்கில் பஸ் நேரம் காரணமாக ஒருவர் 8.10க்குக் கிளம்பலாம்" என்ற வரியை அதே போர்டில் பழைய நோட்டீஸுக்குக் கீழே சேர்த்தோம். அடுத்த வாரம் அதே பஸ்ஸில் போகும் இன்னொரு சிஸ்டரும் வந்து கேட்டார்.