டிசம்பர் இன்வாய்ஸ் எந்த ஆண்டு வருமானம்?

"சிங்கப்பூரில் தனியாள் வியாபாரமாக ஏர்கான் சர்வீஸ் செய்கிறேன். டிசம்பர் 2024-இல் முடித்த வேலைக்கு 4,000 வெள்ளி பிப்ரவரியில்தான் வந்தது. எந்த ஆண்டில் காட்டுவது?"

2024-இல்தான். கணக்கு டிசம்பர் 31-இல் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், அது 2025 வரி மதிப்பீட்டு ஆண்டுக்குள் வரும். பணம் கைக்கு வரும் நாளில் வருமானம் எழுதுவது ரொக்க முறை. வேலை முடிந்து, கேட்கும் உரிமை வந்த நாளில் எழுதுவது அக்ரூவல் முறை. வியாபார வருமானத்துக்கு உள்நாட்டு வருவாய் ஆணையம் எதிர்பார்ப்பது இரண்டாவதை. இன்வாய்ஸை ஜனவரியில் அனுப்பியிருந்தாலும் விடை மாறாது.

டிசம்பரில் 4,000-ஐ விற்பனையாகவும், வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கியாகவும் எழுதுங்கள். பிப்ரவரியில் பணம் வந்ததும் பாக்கியை மட்டும் கழியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: வங்கி அறிக்கையைப் பார்த்து அதே தொகையை மறுபடி விற்பனையில் சேர்த்துவிடுவார்கள், இரண்டு முறை வரி கட்டுவார்கள். ஆண்டு முடிவில் பாக்கிப் பட்டியலை இன்வாய்ஸ்களோடும் வங்கி வரவுகளோடும் ஒப்பிட்டால், பணம் வந்த பிறகும் பாக்கி அப்படியே நிற்பது தெரிந்துவிடும்.

முன்பணம் இதற்கு நேர்மாறு. ஜனவரி வேலைக்கு டிசம்பரில் வாங்கிய 500 வெள்ளி, வேலை முடியும்வரை வருமானம் அல்ல, வாடிக்கையாளருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன்.

பணம் வரவே வராவிட்டால்? வசூலிக்க முயன்ற தடயத்தோடு, அந்தக் குறிப்பிட்ட பாக்கியை வாராக்கடனாகக் கழிக்கலாம். "ஐந்து சதவீதம் வராது" என்று பொத்தாம்பொதுவாக ஒதுக்கினால் வரிக்கழிவு கிடைக்காது.