சொல்லிக்கொடுத்தும் மனசு நிறையவில்லை என்றால்

"வயது 49, லேத் பட்டறையில் ஃபோர்மேன். ரெண்டு வருஷமா பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் மனசு வெறுமையா இருக்கு, ஏன்?"

சொல்லிக்கொடுக்கிறீர்கள், ஆனால் வேலையை அவர்கள் கையில் இன்னும் விடவில்லை என்று தோன்றுகிறது.

நடுவயதின் இழுபறியை, அடுத்த தலைமுறையை வளர்த்துவிடும் ஆக்கமா, தேக்கமா என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் எழுதினார். 1992-இல் மெக்ஆடம்ஸ், டி செயின்ட் ஆபின் என்ற உளவியலாளர்கள் அந்த ஆக்கத்தின் செயல்களை மூன்றாகப் பார்த்தார்கள்: உருவாக்குவது, பேணுவது, ஒப்படைப்பது. நம்மைப் போன்றவர்கள் தடுமாறுவது மூன்றாவதில்தான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். பையன் நாலு தாடை சக்கில் ஜாப் கட்டி டயல் வைப்பான். ஊசி ஆடியதும் சாவியை வாங்கி நானே திருப்பிவிடுவேன். ஜாப் சரியாகிவிடும், அவனிடம் ஒன்றும் போய்ச் சேராது. மாலையில் எனக்கும் அலுப்புதான் மிஞ்சும்.

அடுத்த வாரம் விலை குறைந்த ஒரு ஜாபை, டிராயிங் படிப்பதிலிருந்து கடைசி அளவு பார்ப்பது வரை, ஒருவனிடமே விடுங்கள். ஆபத்து என்றால் மட்டும் தடுங்கள். மற்றபடி அவன் கேட்டால் பதில் சொன்னால் போதும். உங்கள் முறையை விட்டு வேறு வழியில் அவன் சரியாக முடிக்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எரிச்சல் வந்தால், இதுவரை உங்கள் நகலைத்தான் தேடியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

ஒன்று மட்டும் கவனம். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலுமே நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது இந்தச் சோதனையை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.