13(2) நோட்டீஸ் வந்த வீடும் கொழுந்தனார் கேட்கும் சீட்டுப் பணமும்

கேள்வி: வீட்டை அடமானம் வைத்து 30 லட்சம் வாங்கி, என் கொழுந்தனாரின் பனியன் தொழிலுக்குக் கொடுத்தோம். மாதத் தவணை 32,000. அவர் பணம் தராததால் ஒன்பது மாதமாக எங்களால் முடிந்த 15,000-ஐ மட்டும் கட்டுகிறோம். இப்போது 13(2) என்று பேங்க் நோட்டீஸ் வந்து 35 நாள் ஆகிறது. கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுத்துவிடுவார்களா? அடுத்த வாரம் 2 லட்சம் சீட்டு முடிகிறது, ஒரு ஆர்டருக்கு அதைக் கொழுந்தனார் கேட்கிறார். பாதிக் கடனைத் தள்ளுபடி செய்து தருவதாக ஒரு செட்டில்மென்ட் கம்பெனியும் பேசுகிறது. — திருப்பூர் வாசகி

பதில்: எடுக்கலாம் அம்மா. 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டம் அதற்காகவே வந்தது, 13(2) என்பது அதன் ஒரு பிரிவு. உங்கள் வீட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அந்த 15,000 கட்டும் பழக்கம்தான். மாதாமாதம் ஏதோ கட்டுகிறோமே, பேங்க் பொறுத்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டீர்கள். ஒன்பது மாதத்துக்கு 2,88,000 வர வேண்டும், நீங்கள் கட்டியது 1,35,000, மீதி 1,53,000. நீங்கள் கட்டுவது பழைய தவணைகளில் கழிந்தாலும் நான்கு தவணைக்குத்தான் வரும், ஐந்தாவது தவணை 90 நாளைத் தாண்டி நிற்கிறது. அதனால் கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது. ரிசர்வ் வங்கி விதிப்படி பாக்கி முழுவதும் தீர்ந்தால்தான் அது மறுபடி நல்ல கணக்காகும், பாதி கட்டினால் ஆகாது. பாக்கியோ மாதம் 17,000 கூடிக்கொண்டே போகிறது.

நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாள் அவகாசம், அதில் உங்களுக்கு மீதி 25 நாள். அது முடிந்தால் 13(4)-இன்படி வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டி, ஒரு தமிழ்ப் பத்திரிகை உட்பட இரண்டு பத்திரிகைகளில் போடுவார்கள். அப்போதும் நீங்கள் வீட்டுக்குள்தான் இருப்பீர்கள், ஆனால் காகிதத்தில் வீடு பேங்க் வசம் போய்விடும். ஆளை வெளியேற்ற கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ 14-ஆம் பிரிவில் மனுப் போட்டு போலீஸ் துணையோடு வருவார்கள், அங்கே உங்கள் கடன் வழக்கை யாரும் விசாரிப்பதில்லை. பிறகு ஏலம்.

உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் இப்போதைக்கு ஒரு கடிதம்தான். கட்டிய தொகை கணக்கில் வந்திருக்கிறதா, கேட்கும் வட்டி சரியா, பாக்கியை எந்தத் தேதியில் தீர்ப்பீர்கள் என்று எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், ஏற்கவில்லை என்றாலும் பேங்க் 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். வாய்வார்த்தையாக மேனேஜரிடம் பேசியது எங்கும் நிற்காது. இந்தக் கட்டத்தில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்டில் தடையும் வாங்க முடியாது. 13(4) நடவடிக்கை வந்தபின் 45 நாளுக்குள் கோயம்புத்தூர் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். ஆட்சேபத்துக்குப் பதில் தந்தார்களா, அறிவிப்பு முறையாக வந்ததா, ஏலத்துக்கு விலை மதிப்பு சரியாகப் போட்டார்களா என்று அங்கே பார்ப்பார்கள், தப்பு இருந்தால் வீட்டைத் திருப்பித் தரச் சொல்லவும் முடியும். ஆனால் ஏலத்தை நிறுத்தி வைக்கவே பெரும்பாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்வார்கள், அதனால் அங்கே போனாலும் பணம் வேண்டும்.

அதனால் சீட்டுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட ஆர்டருக்குப் போகக் கூடாது. 1,53,000 பாக்கிக்குப் போக மிஞ்சும் 47,000-இல் அபராதக் கட்டணமும் நோட்டீஸ் செலவும் போய், பெரும்பாலும் அடுத்த தவணையும் அடங்கும். நோட்டீஸில் முழுக் கடனையும் கேட்டிருந்தாலும், பாக்கி தீர்ந்தால் பேங்குகள் பெரும்பாலும் நடவடிக்கையை நிறுத்திவிடும், அதை எழுத்தில் வாங்குங்கள். முழுக் கடனையும் செலவோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு பத்திரிகையில் வரும்வரைதான்.

செட்டில்மென்ட் கம்பெனிக்கு முன்பணம் கட்டாதீர்கள். தள்ளுபடியை பேங்க் விரும்பினால் தரும், கேட்டு வாங்கும் உரிமை நமக்கில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவர்கள் பேசுவதை நீங்களே பேசலாம்.

அப்புறம், கொழுந்தனார் அடுத்த மாதம் முதல் 17,000 தருவாரா என்று கணவரை நேரில் கேட்கச் சொல்லுங்கள். தரமாட்டார் என்றால் வீட்டை நீங்களே விற்பது நல்லது. 55 லட்சம் பெறும் வீடு, கடன் மீதி 28 என்று வைத்தால் 27 லட்சம் கையில் நிற்கும். ஏலத்தில் 44-க்குப் போனால், மிஞ்சுவது உங்களுக்குத்தான் வரும் என்றாலும், செலவு போக 15 லட்சம்தான் இருக்கும். ஒன்று, 13(2) நோட்டீஸ் வந்தபின் பேங்கின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது, அட்வான்ஸ் வாங்கும் முன்பே அதைக் கேளுங்கள். ஆட்சேபக் கடிதத்தை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டீஸோடு பின் போட்டு வையுங்கள்.