USDC சறுக்கிய சனிக்கிழமை: சார்ட், ஸ்டாப், ஜோடி பற்றி உங்கள் கேள்விகளும் பதில்களும்

ஸ்டேபிள்காயின் ஒரு டாலரிலிருந்து நழுவினால் டிரேடருக்கு என்ன ஆகும் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். பொதுவாகப் பேசுவதைவிட, USDC என்ற ஸ்டேபிள்காயின் சறுக்கிய 2023 மார்ச் சம்பவத்தை வைத்துப் பேசினால் எளிதாகப் புரியும். முழுதாகச் செத்துப்போன காயினைவிட, நழுவி விழுந்து இரண்டு நாளில் எழுந்து வந்த காயின்தான் கணக்கை அதிகம் குழப்புகிறது.

புதுவரவு: அண்ணா, BTC/USDC சார்ட்ல 2023 மார்ச் 11 அன்னைக்கு மேல நோக்கி நீளமா ஒரு விக் இருக்கு. அன்னைக்கு பிட்காயின் ஏறுச்சா?

ஏறவில்லை. டாலரில் பார்த்தால் பிட்காயின் 20,000-ஐ ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தது. விழுந்தது USDC. முந்தின நாள் வெள்ளிக்கிழமை சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டது. USDC-க்குப் பின்னால் இருந்த சுமார் 4,000 கோடி டாலர் கையிருப்பில் 330 கோடி டாலர் அந்த பேங்கில் மாட்டிக்கொண்டது என்று, USDC-யை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் அன்றிரவு அறிவித்தது. சனிக்கிழமை USDC 0.88 டாலருக்கும் கீழே போய்த் தொட்டது.

BTC/USDC என்ற விலை சொல்வது, ஒரு பிட்காயின் வாங்க எத்தனை USDC கொடுக்க வேண்டும் என்பதை மட்டும்தான். பிட்காயின் 20,000 டாலர், USDC 0.88 டாலர் என்றால் 20,000-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 22,700 வரும். நீங்கள் பார்க்கும் விக் அதுதான். எத்தர், சொலானா என்று USDC-யில் விலை சொல்லப்பட்ட எல்லா ஜோடிகளிலும் அதே நேரத்தில் இதே மாதிரி ஒரு விக் இருக்கும். சம்பந்தமில்லாத காயின்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் ஒரே சதவீதம் ஏறினால், முதலில் ஜோடியில் சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் காயினைச் சந்தேகப்படுங்கள்.

கணக்குப்பிள்ளை: 4,000-ல 330 போனா 8 சதவீதம் சொச்சம். மொத்தமா முழுகினாலும் ஒரு USDC 0.92-ஐ ஒட்டி நிக்கணும். அப்புறம் ஏன் 0.88?

வகுத்தது சரிதான். பேங்க் திவாலானாலும் டெபாசிட்டில் ஒரு பங்காவது திரும்பி வரும் என்பதால் 0.92 என்பதே மிக மோசமான நிலைக்கான கணக்கு. ஆனால் அன்று சனிக்கிழமை என்பதை அந்தக் கணக்கில் விட்டுவிட்டீர்கள்.

சாதாரண நாளில் USDC 0.995-க்கு வந்தால் பெரிய ஆட்கள் வாங்கி, சர்க்கிளிடம் கொடுத்து முழு டாலராக மாற்றிக்கொள்வார்கள். ஒரு டாலர் என்ற பெக்கைத் தாங்கிப் பிடிப்பது அவர்களுடைய அந்த லாபம்தான். அந்த வார இறுதியில் பேங்க் மூடியிருந்ததால் அந்த வழி அடைபட்டது. காயின்பேஸும் USDC-யை டாலராக மாற்றித் தருவதைத் திங்கள் வரை நிறுத்திவைத்தது. 24 மணி நேரமும் டாலர் அனுப்ப உதவிய சில்வர்கேட் பேங்கின் நெட்வொர்க் அந்த மாதத் தொடக்கத்திலேயே நின்றுபோயிருந்தது. ஆக, 0.90-ல் வாங்குபவர் திங்கள் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வேறு பேங்கில் இருக்கும் கையிருப்பு பத்திரமா என்பதும் யாருக்கும் தெரியாது.

0.92-க்குக் கீழே போன பகுதி இந்தக் காத்திருப்புக்கான விலை என்பது என் கருத்து. ஸ்டேபிள்காயின்களை மாற்றிக்கொள்ளும் கர்வ் போன்ற பூல்களில் எல்லோரும் ஒரே பக்கம் விற்றதே முக்கியக் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்து அளக்க எனக்கு வழி தெரியவில்லை. ஞாயிறு மாலை, டெபாசிட்தாரர்களுக்கு முழுப் பணமும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்ததும் விலை மடமடவென்று ஏறியது.

ஸ்விங்_மதுரை: அப்போ BTC/USDC-ல வாங்கி வச்சிருந்தவனுக்கு நல்லதுதானே சார்? ஸ்டாப் கீழ இருக்கு, விலை மேல போகுது. என்ன பிரச்சினை?

பாதி சரி. ஒரு கணக்குப் போடுவோம், எண்களை எளிமைக்காக முழுமையாக்கியிருக்கிறேன். 20,500-ல் ஒரு பிட்காயின் வாங்கினீர்கள். ஸ்டாப் 19,500, டார்கெட் 22,500. சனிக்கிழமை விலை 22,700 வந்ததும் டார்கெட் நிறைவேறிவிடும். ஸ்க்ரீனில் 2,000 USDC லாபம். அந்த நேரத்தில் 22,500 USDC-யின் மதிப்பு 0.88 வீதம் 19,800 டாலர். டாலரில் 700 நஷ்டம். உங்களிடம் இருந்த பிட்காயின் போய், எல்லோரும் கைகழுவ ஓடிக்கொண்டிருந்த காயின் கைக்கு வந்துவிட்டது.

இரண்டு நாளில் USDC மீண்டதால் அந்த 22,500 முழு மதிப்புக்கு வந்தது, தப்பித்தீர்கள். 2022 மே மாதம் முழுதாகச் செத்துப்போன UST என்ற ஸ்டேபிள்காயினில் இதே நிலையில் இருந்தவர்களுக்கு மீட்சியே இல்லை. பிட்காயின்மேல் போட்ட டிரேடு, உங்களைக் கேட்காமலே சர்க்கிளின் டெபாசிட்மேல் போட்ட டிரேடாக மாறுகிறது.

இப்போது ஸ்டாப். USDC 0.88-ல் இருக்கும்போது 19,500 ஸ்டாப் அடிக்க, பிட்காயின் டாலரில் 17,160-க்கு இறங்க வேண்டும். 18,500 டாலருக்கு இறங்கியிருந்தாலும் உங்கள் ஸ்க்ரீனில் 21,000 என்றுதான் தெரியும். ஆயிரம் டாலர் நஷ்டத்தில் வெளியேறப் போட்ட ஸ்டாப், மூவாயிரம் டாலருக்கு மேல் இறங்கும்வரை தூங்கும்.

ஷார்ட் போனவர்களுக்குத்தான் நேரடி அடி. 20,000-ல் ஷார்ட், 21,500-ல் ஸ்டாப் என்றால், பிட்காயின் அசையாமலே ஸ்டாப் அடித்துவிடும்.

பாட்_பட்டறை: டிரெயிலிங் ஸ்டாப்பையும் சேர்த்துச் சொல்லுங்க. எனக்கு ஏறும்போது அடிக்கலை, USDC மீண்டு வரும்போது அடிச்சது. அதுக்கப்புறம் எல்லா BTC/USDC டேட்டாவையும் USDC/USD-ஆல பெருக்கித்தான் பேக்டெஸ்ட் பண்றேன்.

நல்ல பழக்கம். டிரெயிலிங் ஸ்டாப், 22,700 என்ற உச்சத்தை உண்மை என்று நம்பி 5 சதவீதம் கீழே, 21,565-ல் போய் உட்காரும். பெக் மீளும்போது BTC/USDC இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் நல்ல செய்தி வந்த நேரத்தில் விற்றுவிடும். 21,565 USDC-க்கு விற்று அது ஒரு டாலருக்குத் திரும்பியதால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதை உங்கள் உத்தியின் வெற்றியாக பேக்டெஸ்டில் எண்ணாதீர்கள்.

மற்றவர்களுக்காக, டிரேடிங்வியூவில் இப்படி எழுதினால் டாலர் கணக்கில் சார்ட் வரும்:

```
KRAKEN:BTCUSDC*KRAKEN:USDCUSD
```

ஒரு எச்சரிக்கை. இப்படிப் பெருக்கும்போது ஒரு கேண்டிலின் உச்சத்தை இன்னொன்றின் உச்சத்தோடு பெருக்குகிறது. இரண்டு உச்சமும் ஒரே நிமிடத்தில் வந்திருக்காது. அன்று BTC/USDC உச்சத்தில் இருந்தபோது USDC அடிமட்டத்தில் அல்லவா இருந்தது. அதனால் ஒரு நாள் கேண்டிலில் நடக்கவே நடக்காத விக் ஒன்று முளைக்கும். குளோஸை மட்டும் நம்புங்கள், அல்லது ஒரு நிமிட டேட்டாவைப் பெருக்கி மேலே கட்டுங்கள். சராசரி ஏற்ற இறக்கத்தை அளக்கும் ATR-ஐ வைத்து ஸ்டாப் தூரம் கணக்கிடும் பாட்களுக்கு இது முக்கியம். திருத்தாத டேட்டாவில் அந்த ஒரு நாள் ATR-ஐ வீங்க வைத்து, அடுத்த பல நாட்களுக்கு ஸ்டாப்பைத் தள்ளித் தள்ளிப் போட வைக்கும்.

கடைவீதி: தம்பி, நம்ம ஊர் எக்ஸ்சேஞ்ச்ல USDT எப்பவும் பேங்க் டாலர் ரேட்டைவிட சில ரூபாய் கூடத்தான் இருக்கு. பெக் மேல போய் உடைஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாமா?

இல்லைங்க ஐயா, இது வேறு. வெளியில் USDT ஒரு டாலராகத்தான் இருக்கும். இங்கே ரூபாயைக் கொடுத்து டாலர் காயின் கொண்டுவருவது சிரமம், அதோடு 1 சதவீத டிடிஎஸ். அந்தச் சிரமத்தின் விலைதான் நீங்கள் பார்ப்பது. ஆனால் உங்கள் கேள்வியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தியாவில் பயந்துபோய் USDC-யை USDT-யாக மாற்றினாலும் அது வரிக் கணக்கில் ஒரு விற்பனைதான். 0.90-ல் விற்ற நஷ்டத்தை வேறு கிரிப்டோ லாபத்தில் கழிக்க முடியாது. ஓடுவதற்கு முன் அதையும் கணக்கில் வையுங்கள்.

லீவரேஜ்_ராஜா: இதுக்கெல்லாம் ஒரே மருந்து, பெர்பெச்சுவல்ல டிரேடு பண்ணி ஸ்டாப்பை மார்க் பிரைஸ்ல வைக்கிறது. மார்க் பிரைஸ் பல எக்ஸ்சேஞ்ச் சராசரி, ஒத்தை விக் ஒண்ணும் பண்ணாது.

ஒரு எக்ஸ்சேஞ்சில் மட்டும் வந்த விக்குக்கு அது சரியான மருந்து. சராசரியில் சேரும் எல்லா விலையும் அதே ஸ்டேபிள்காயினில் இருந்தால், எல்லாம் சேர்ந்தே நகரும். அங்கே உதவாது.

அதைவிடப் பெரிய ஓட்டை அடமானத்தில் இருக்கிறது. 2025 அக்டோபர் 10 சரிவில் USDe என்ற இன்னொரு டாலர் காயின் பைனான்ஸில் மட்டும் 0.65 வரை விழுந்தது. மற்ற இடங்களில் அந்த அளவுக்கு விழவில்லை. அடமான மதிப்பை பைனான்ஸ் தன் சொந்த ஆர்டர் புக்கை வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. 10,000 USDe அடமானம், ஓடும் நஷ்டம் 2,000, குறைந்தபட்ச மார்ஜின் 5,000 என்று வையுங்கள். 0.65-ல் அடமானம் 6,500 ஆகிறது, நஷ்டம் போக 4,500. லிக்விடேஷன். உங்கள் டிரேடின் விலை ஸ்டாப்பை நெருங்கக்கூட இல்லை. USDe-க்கும் அதேபோல் சறுக்கிய வேறு இரண்டு டோக்கன்களுக்குமாக பைனான்ஸ் பிறகு சுமார் 28.3 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. எல்லா எக்ஸ்சேஞ்சும் கொடுக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

இரவுப்பறவை: ஆர்டர் போட்டுட்டுத் தூங்குற ஆள் நான். முன்கூட்டியே தெரிஞ்சுக்க என்ன பார்க்கணும்?

நான் USDC/USD-யில் 0.995-க்கு ஒரு அலர்ட் வைத்திருக்கிறேன். USDC/USDT-யில் வைக்காதீர்கள். 2023-ல் எல்லோரும் USDT-க்கு ஓடியதால் அது ஒரு டாலருக்கு மேலே போயிருந்தது, வீழ்ச்சி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அலர்ட் அடித்ததும் நான் முதலில் ரத்து செய்வது ஸ்டாப்பை அல்ல, USDC-யில் இருக்கும் டார்கெட் ஆர்டர்களை. உடைந்த காயினை வாங்கிக்கொண்டு நல்ல காயினைக் கொடுக்கக் காத்திருப்பவை அவைதான்.

பாட்_பட்டறை: 0.995-ல வச்சா சின்ன எக்ஸ்சேஞ்ச்ல சும்மா சும்மா அடிக்குமே. நான் 0.985, அதுவும் பத்து நிமிஷம் நின்னாத்தான்.

பத்து நிமிடத்தில் உங்கள் டார்கெட் நிறைவேறிவிடும். சின்ன எக்ஸ்சேஞ்சில் ஒரே ஆள் பெரிய ஆர்டர் போட்டாலும் விலை நழுவும் என்பதும் உண்மைதான். இரண்டு எக்ஸ்சேஞ்சில் ஒரே நேரம் 0.99-க்குக் கீழே வந்தால் மட்டும் அடிக்கும்படி எழுதிப் பாருங்கள். உங்கள் பழைய டேட்டாவில் எத்தனை பொய் அலர்ட் வருகிறது என்று இங்கேயே போடுங்கள்.