கேன்சல் அனுப்பியாச்சு, ஆனால் கேன்சல் ஆகவில்லை: ஆர்டர் ஸ்டேட் மெஷின் கேள்வி பதில்

சந்தையில் வாங்கவும் விற்கவும் புரோக்கருக்கு ஆர்டர் அனுப்பும் ரொட்டீன்களை எழுதுவதும், அடுத்தவர் எழுதியது சொதப்பும்போது லாக்கைத் தோண்டுவதும் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். எதை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்பதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: 1000 வாங்கச் சொன்னால் என் ரொட்டீன் 1200 வாங்கி வைத்திருக்கிறது. 3 விநாடியில் முழுசாக ஃபில் ஆகாவிட்டால் கேன்சல் செய்து, மிச்சத்தைப் புது விலையில் போடும். லாக்கில் எர்ரர் எதுவும் இல்லை.

எர்ரர் இருக்காது. உங்கள் ரொட்டீன், நீங்கள் எழுதியபடியே நடந்துகொண்டது. நீங்கள் அனுப்பிய லாக்கை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் ஆர்டர் 1000. அதில் 300 ஃபில் ஆனது, அதாவது வாங்கி முடிந்தது. 3 விநாடி ஆனதும் கேன்சல் அனுப்பினீர்கள். அனுப்பிய அடுத்த வரியிலேயே ஸ்டேட்டை `CANCELLED` என்று மாற்றி, மிச்சம் 700 என்று கணக்குப் போட்டு, இரண்டாவது ஆர்டரை அனுப்பிவிட்டீர்கள். ஆனால் கேன்சல் அப்போதுதான் வழியில் போய்க்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்வதற்குள் அங்கே இன்னொரு 200 ஃபில் ஆகிவிட்டது. கேன்சல் சேர்ந்தபோது மிச்சம் இருந்த 500 மட்டும்தான் ரத்தானது. அந்த 200-க்கான செய்தி உங்களிடம் வந்தது. முடிந்துபோன ஆர்டர் என்று நினைத்து உங்கள் கோடு அதைத் தூக்கிப் போட்டது. இரண்டாவது ஆர்டரில் 700. மொத்தம் 500 + 700 = 1200.

இதே கோளாறுதானா என்று உறுதி செய்ய ஒரு வழி: கேன்சல் அனுப்பிய நேரத்துக்கும் கேன்சல் உறுதியான நேரத்துக்கும் நடுவில் வந்த ஃபில்களைக் கூட்டுங்கள். அந்தத் தொகையும் உங்களிடம் கூடுதலாக இருக்கும் அளவும் ஒன்றாக இருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம்.

தீர்வு, நடுவில் `PENDING_CANCEL` என்று ஒரு ஸ்டேட். அதில் இருக்கும் ஆர்டர் உயிரோடு இருக்கும் ஆர்டர். ஃபில் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து வெளியே போக மூன்றே வழி: கேன்சல் உறுதியாகலாம், முழுசாக ஃபில் ஆகலாம், அல்லது கேன்சல் நிராகரிக்கப்படலாம். கேன்சல் உறுதியான பிறகுதான் இரண்டாவது ஆர்டர். அதன் அளவை, நீங்கள் நினைவில் வைத்திருக்கும் 300-ஐ வைத்துக் கணக்கிடாமல், கடைசி ரிப்போர்ட்டில் வந்த மொத்த ஃபில்லை வைத்துக் கணக்கிடுங்கள்.

```python
def on_report(o, r):
    if r.exec_id in o.seen:
        return
    o.seen.add(r.exec_id)
    o.cum = max(o.cum, r.cum_qty)
    if o.cum >= o.qty:
        o.state = "FILLED"
    elif r.kind == "CANCELLED":
        o.state = "CANCELLED"
```

`seen` எதற்கென்றால், இணைப்பு அறுந்து திரும்ப வரும்போது ஒரே ரிப்போர்ட் இரண்டு முறை வரலாம். `cum` எப்போதும் மொத்த அளவு, அதனால் ரிப்போர்ட்டுகள் முன்பின்னாக வந்தாலும் கணக்குக் குறையாது. இந்த `max`-இல் ஒரு வில்லங்கம் இருக்கிறதென்று ஒருவர் பிடித்தார், கீழே வருகிறது.

கேள்வி: கேன்சல் ஆன ஆர்டரில் ஃபில் அளவு 500 என்று எப்படி வரும்? புரோக்கர் பக்கம் பிழையா?

பிழை இல்லை. கேன்சல் என்றால் மிச்சம் ரத்து என்றுதான் அர்த்தம், நடந்ததெல்லாம் ரத்து என்று இல்லை. ஆர்டர் செய்திகளைப் பரிமாறப் பயன்படும் ஃபிக்ஸ் புரோட்டோகாலில் இது `39=4`, `14=500`, `151=0` என்று வரும்: ஸ்டேட்டஸ் கேன்சல், மொத்த ஃபில் 500, மிச்சம் பூஜ்யம்.

கேள்வி: HTTP `200` பதில் வந்தாலே ஆர்டர் ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்தானே?

கோரிக்கை அவர்கள் வாசலுக்கு வந்தது என்பது மட்டும் உறுதி. அதற்குப் பிறகும் நிராகரிக்கப்படலாம். இன்னொன்று, அந்தப் பதில் வரும் முன்பே வெப்சாக்கெட்டில் ஃபில் வந்துவிடலாம். அவர்கள் தரும் ஆர்டர் எண்ணை வைத்துத் தேடினால் அந்த ஃபில்லுக்குச் சொந்தக்காரர் கிடைக்க மாட்டார். அதனால் எண்ணை நீங்களே உருவாக்கி, அனுப்பும் முன்பே எழுதி வையுங்கள்.

கேள்வி: கேன்சல் அனுப்பியதும் ஆர்டரை லிஸ்டிலிருந்து நீக்கிவிடுகிறேன். சரிதானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பார்ஷியல் ஃபில்லுக்குத் தனி ஸ்டேட்டே வேண்டாம். எத்தனை ஃபில் ஆச்சு என்ற எண் இருக்கிறதே, அது போதாதா?

பாதி ஒத்துக்கொள்கிறேன். இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் ஏபிஐயில் அப்படி ஒரு ஸ்டேட்டஸே கிடையாது; `Submitted` என்று சொல்லி, `filled`, `remaining` என்று இரண்டு எண்களைத் தருகிறார்கள். ஃபிக்ஸில் இருக்கிறது, `39=1`. ஆனால் பார்ஷியல் ஃபில் ஆன ஆர்டருக்குக் கேன்சல் கேட்டு, அது நிலுவையில் இருந்தால் `39=6` என்று மாறிவிடும், பார்ஷியல் என்பது ஸ்டேட்டஸில் தெரியாது. ஒரே கட்டத்துக்குள் இரண்டு விஷயத்தை அடைத்தால் அப்படித்தான். ஆகவே எண்ணைத் தனியாகவே வையுங்கள். ஸ்டேட்டையும் வைத்தால் தப்பில்லை, லாக் படிக்க வசதி.

*கேட்டவர் மறுபடியும்:* அப்படியானால் `FILLED`-உம் தேவையில்லை. எண் ஆர்டர் அளவைத் தொட்டால் முடிந்தது.

அங்கேதான் உங்களோடு பிரிகிறேன். முடிந்துவிட்டது என்பதைக் கோடு ஓரிடத்தில் முடிவு செய்ய வேண்டும். பத்து இடத்தில் பத்து விதமாகக் கணக்குப் போட்டால் ஒன்று தவறும்.

*இன்னொருவர்:* `FILLED` கடைசி ஸ்டேட் என்று அடித்துச் சொல்கிறீர்கள். நடந்த டிரேடையே எக்ஸ்சேஞ்ச் பின்னால் ரத்து செய்வதும் உண்டு, `150=H`. அப்போது மொத்த ஃபில் 1000-லிருந்து 800-க்கு இறங்கும். உங்கள் `max` அதைப் பார்க்காமல் 1000 என்றே சாதிக்கும்.

சரியான அடி. என் கோடில் அந்த வகை ரிப்போர்ட் `on_report`-க்கு வராது, தனி வழியாகப் போய் ஹோல்டிங்கைத் திருத்தும், ஆளையும் கூப்பிடும். மேலே அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

*அவரே:* ஹோல்டிங்கை மட்டும் திருத்தினால் ஆர்டரும் ஹோல்டிங்கும் ஒத்துப்போகாது. ஆர்டரையே திரும்பத் திறந்தால் என்ன?

திறந்தால் அந்த 200-க்கு ரொட்டீன் தானாகவே புது ஆர்டர் போட்டுவிடும், அதுதான் என் பயம். இரண்டு விதமாகவும் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஸ்டாப் லாஸ் எவ்வளவு தூரத்தில் வைப்பது?

வேறு ஆளிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆர்டர் அனுப்பினேன், டைம்அவுட். பதிலே இல்லை. மறுபடி அனுப்பலாமா?

உடனே அனுப்பாதீர்கள். `REJECTED` என்றும் போடாதீர்கள். அதன் ஸ்டேட் `UNKNOWN`, அதை வெட்கப்படாமல் எழுதி வையுங்கள். உங்கள் எண்ணை வைத்து விசாரியுங்கள். ஒரு முறை “அப்படி ஆர்டர் இல்லை” என்று வந்தால் நம்ப வேண்டாம், கோரிக்கை இன்னும் வழியில் இருக்கலாம். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் மறுக்கும் புரோக்கர் என்றால், அதே எண்ணோடு மறுபடி அனுப்பலாம்; முதலாவது போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டாவது மறுக்கப்படும். புது எண் போட்டு அனுப்பினால் இரண்டு ஆர்டர் ஆகும். ஒருமுறை நானே அப்படி இரட்டிப்பாக வாங்கி வைத்தேன்.

கேள்வி: கேன்சல் போட்டதும் உடனே புது ஆர்டர் போட்டால்தானே வேகம்?

நான்காவது ஆள் நீங்கள். 1200 வாங்கியவரும் வேகத்துக்காகத்தான் செய்தார். வேகம் வேண்டுமென்றால் புரோக்கர் தரும் மாடிஃபை வசதியைப் பாருங்கள். அதிலும் கோரிக்கை போய்க்கொண்டிருக்கும்போது ஃபில் வரும், ஆனால் பெரும்பாலான இடங்களில் புதிய அளவு என்பது ஏற்கனவே ஃபில் ஆனதையும் சேர்த்த மொத்தம். உங்கள் புரோக்கர் அப்படித்தான் கணக்கிடுகிறாரா என்று சின்ன அளவில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கேன்சல் நிராகரிக்கப்பட்டால் பழைய ஸ்டேட்டுக்கே திரும்பிப் போகலாமா?

போகலாம். ஆனால் காரணத்தைப் படித்துவிட்டுப் போங்கள். ஃபிக்ஸில் `102=0` என்றால் ரொம்ப தாமதம், ஆர்டர் ஏற்கனவே முடிந்திருக்கலாம். அதை உறுதி செய்யும் ரிப்போர்ட் பின்னாலேயே வரும். அதற்குள் இன்னொரு கேன்சல் அனுப்பும் லூப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: `PENDING_CANCEL`-இல் எவ்வளவு நேரம் காத்திருப்பது? 5 விநாடி ஆனால் கேன்சல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

5 விநாடி ஆனால் விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் மறுபடி விசாரியுங்கள், பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். டைமர் விசாரிக்கலாம், ஸ்டேட்டை மாற்றக் கூடாது.